‘உங்க தகுதிக்கு இது சின்ன வேலையாச்சே மேடம்!’

‘ஓவர் குவாலிஃபைடு’ என்ற வார்த்தை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேலை தேடியவர்களுக்கு நன்றாகவே பழகியிருக்கும். கேட்கும்போது பாராட்டு மாதிரி இருக்கும். போனை வைத்த பிறகுதான், ‘வேண்டாம்’ என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரியும்.

எனக்கு வயது 47. கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் 17 வருடம் இருந்தேன். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, கடைசி ஆறு வருடம் ஃபைனான்ஸ் மேனேஜர். எனக்குக் கீழே 11 பேர். 2024 ஏப்ரலில் நான் தேட ஆரம்பித்தது சீனியர் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலையை. அதாவது, என்னிடமே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பார்த்த வேலையை.

பத்து நாளுக்குள் நாலு போன் வந்தது. நாலு பேருமே அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும், “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ரெஸ்யூமை வேற யாராவது மாத்தி அனுப்பிட்டாங்களா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

என் கணவருடைய அண்ணன் மகள், ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் ஏழு வருடமாக இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “சித்தி, எங்களுக்கு எப்படிக் காசு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பித்தாள்.

ஒரு ஆளை வேலைக்குச் சேர்த்துவிட்டால், கம்பெனி அந்த ஆளுடைய வருடச் சம்பளத்தில் ஒரு பங்கை கன்சல்டன்சிக்குக் கொடுக்கும். பல இடங்களில் அது 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆனால், அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கும். சேர்ந்த ஆள் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால், அவர்கள் இன்னொரு ஆளை இலவசமாகத் தேடிக் கொடுக்க வேண்டும். “வருஷத்துக்கு 19 லட்சம் வாங்கின சித்தியை, அஞ்சரை லட்சம் வேலைக்கு நான் அனுப்பறேன்னு வைங்க. ரெண்டாவது மாசம் உங்களுக்கு நல்ல ஆஃபர் வந்து போயிட்டீங்கன்னா, எனக்குக் கூலியும் இல்லை, மறுபடியும் வேலையும் செய்யணும். அதனால உங்க பேரைப் பார்த்ததுமே அடுத்த பேருக்குப் போயிடுவேன்” என்றாள்.

கம்பெனியில் இருக்கும் ஹெச்.ஆருக்கும் இதே பயம்தானாம். அதோடு இன்னும் இரண்டு பயங்கள் உண்டு. நமக்கு மேலே உட்காரப்போகும் மேனேஜர் வயதிலும் அனுபவத்திலும் சின்னவராக இருப்பார். நாம் அவரை மதிப்போமா, முதலாளி முன்னால் வைத்து மட்டம் தட்டுவோமா என்பது ஒன்று. இவ்வளவு பெரிய இடத்திலிருந்து ஏன் இறங்கி வருகிறார், பணத்தில் ஏதாவது கோளாறா, வெளியே அனுப்பிவிட்டார்களா என்பது இன்னொன்று. இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடியாதல்லவா? அதனால் ‘ஓவர் குவாலிஃபைடு’ என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறார்கள்.

எனக்கு அப்போதுதான் வெளிச்சம் வந்தது. அவர்கள் என் தகுதியைப் பற்றிப் பேசவே இல்லை. ‘நீங்க எப்போ போவீங்க?’ என்று கேட்கிறார்கள். அப்படியென்றால், அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

“என்ன காரணம் சொல்லலாம்னு இருக்கீங்க?” என்றாள். “ஸ்ட்ரெஸ் அதிகம். கொஞ்சம் நிம்மதியா வேலை பார்க்கணும்” என்றேன். பொய் இல்லை, உண்மைதான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அது எங்க காதுல எப்படிக் கேட்கும்னா, மார்ச் மாசம் கணக்கு முடிக்கற நேரத்துல இவங்க லீவு போட்டுட்டுப் போயிடுவாங்கன்னு கேட்கும். எந்த ஸ்ட்ரெஸ்னு பிரிச்சுச் சொல்லுங்க சித்தி. எதைச் செய்ய மாட்டீங்க, எதைச் செய்வீங்க?”

அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அன்று இரவு ஒரு நோட்டை எடுத்து, போன மாதம் முழுக்க நான் என்னென்ன செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன்.

பாங்க்கில் கேஷ் கிரெடிட் லிமிட்டைப் புதுப்பிக்க ஐந்து முறை போய் வந்தது. டைரக்டர்கள் கூட்டத்துக்கு 40 பக்கத்துக்குப் படமும் கட்டமுமாகத் தயார் செய்தது. 11 பேருக்கு அப்ரைசல். அதில் யாருக்கு எவ்வளவு சம்பள உயர்வு என்று மேலிடத்தோடு இழுபறி. இரண்டு பேருக்குள் சண்டை, பஞ்சாயத்து. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில், ‘நாளைக் காலையில் இந்த எண் வேண்டும்’. எழுதி முடித்த பிறகு பார்த்தால், அந்தப் பட்டியலில் கணக்கு எழுதும் வேலை என்று ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் எழுதிய கணக்கை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது எது என்றால், சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். லெட்ஜர் சரிபார்ப்பது. சப்ளையர் அனுப்பிய கணக்கில் நாம் 3,12,450 ரூபாய் தர வேண்டும் என்று இருக்கும். நம் கணக்கில் 2,98,730 என்று இருக்கும். அந்த 13,720 ரூபாய் எங்கே போனது என்று ஒவ்வொரு பில்லாகத் தேடி, திருப்பி அனுப்பிய சரக்குக்கு அவர்கள் கிரெடிட் நோட் போடவில்லை என்று கண்டுபிடிக்கும்போது வரும் திருப்தி, எனக்கு மேனேஜர் நாற்காலியில் ஒருநாளும் வந்ததில்லை. பூத்தொடுக்கிறவர்களுக்கு அந்த நாரும் பூவும் கையில் இருந்தால்தான் நிம்மதி. பூக்கடையை நிர்வாகம் பண்ணச் சொன்னால் எப்படி?

நான் ஸ்ட்ரெஸ் என்று சொன்னது வேலையின் அளவை இல்லை. மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் நாள்களில் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்க எனக்குச் சம்மதம். ஆடிட் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை வரவும் சம்மதம். ஆனால், ஆட்களை நிர்வாகம் செய்வதும், அவர்கள் வேலையைப் பற்றி மேலே போய் விளக்கம் சொல்வதும் வேண்டாம். இப்படிப் பிரித்து எழுதியதும் எனக்கே தெளிவு வந்தது.

இனி பணம். இதைச் சொல்லாமல் மற்றதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் ஒருவரும் நம்பப் போவதில்லை. ‘சம்பளம் ஒரு பொருட்டே இல்லைங்க’ என்று சொல்வதைப் போலச் சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியம் வேறு கிடையாது என்பாள் எங்கள் வீட்டு ஹெச்.ஆர்.

அதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. தேட ஆரம்பிப்பதற்கு முன்பே, 2023 நவம்பரிலிருந்து ஆறு மாதம் நாங்கள் ஓர் ஒத்திகை பார்த்திருந்தோம். எனக்கு அப்போது கைக்கு வந்தது மாதம் 1,22,000 ரூபாய். புது வேலையில் 45,000 கிடைத்தால், பி.எஃப். பிடித்தம் போகக் கைக்குச் சுமார் 42,000 வரும் என்று கணக்குப் போட்டோம். அதனால், சம்பளம் வந்த அன்றே 80,000 ரூபாயை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, அந்த ஏ.டி.எம். கார்டை என் மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். கணவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், அவருக்கு 48,000. வீட்டுக்கடன் 2022-லேயே முடிந்துவிட்டது. மகனுடைய ஹாஸ்டல் செலவையும் சேர்த்து மாதச் செலவு 71,000 வந்தது. ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறை அந்தக் கார்டைக் கேட்டு வாங்கினோம். தை மாதத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம், மொய்யும் போக்குவரத்துமாக 15,000. மாமியார் கார்டைக் கொடுக்கும்போது, “மொய்ங்கறது திரும்பி வர்ற காசுதான், எடுத்துக்க” என்று தீர்ப்பும் சொன்னார்.

வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தாலோ, கணவருக்குச் சம்பளம் இல்லை என்றாலோ இது நடந்திருக்காது. அப்படி இருந்திருந்தால் நான் தேடியிருக்கவும் மாட்டேன்.

இதையெல்லாம் வைத்து ஒரு பதிலை எழுதினேன். அண்ணன் மகள் அதில் பாதியை வெட்டினாள். மகன் படிப்பு, மாமியார் வயது, என் முதுகுவலி என்று நான் எழுதியிருந்ததெல்லாம் போய்விட்டது. “அதெல்லாம் பொய்யா?” என்றேன். “பொய் இல்லை சித்தி. ஆனா, அதுக்காகவா வேலை மாறறீங்க? இல்லைல்ல. எதுக்காக மாறறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. மத்ததைச் சொன்னா, இவங்க அடிக்கடி லீவு எடுப்பாங்கன்னு நாங்க எழுதி வெச்சுக்குவோம்” என்றாள். உண்மையைச் சொல்வது என்பதற்காக, இருக்கிற உண்மை அத்தனையையும் அவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். பழைய கம்பெனியைக் குறை சொல்லி எழுதியிருந்த ஒரு வரியையும் அடித்துவிட்டாள்.

ரெஸ்யூம் விஷயத்தில் எனக்கு வேறு மாதிரி ஆலோசனையும் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர், “மேனேஜர்ங்கறதையே எடுத்துடுங்க, சீனியர் அக்கவுன்டன்ட்னு போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். எல்லோருக்கும் தெரியும். பழைய கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டரில் பதவி இருக்கும். வருடத்தின் நடுவில் சேர்ந்தால், புதுக் கம்பெனி வரிப் பிடித்தத்தைச் சரியாகக் கணக்கிட, பழைய இடத்தில் வாங்கிய சம்பள விவரத்தை நாம் கொடுத்தாக வேண்டும். பத்து நாளில் வெளுத்துவிடும் சாயத்தைப் பூசுவானேன்? அதுவும் மறைக்கிறாரோ என்று ஏற்கெனவே பயப்படுகிறவர்களிடம்!

நான் செய்தது இடத்தை மாற்றியதுதான். பதவியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே கூட்டங்கள், பட்ஜெட், டீம் எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கினேன். என் கையால் செய்யக்கூடிய டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பாங்க் ரீகன்சிலியேஷன் ஆகியவற்றை மேலே கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வரி: ‘ஆறு வருடம் மேனேஜராக இருந்தேன். இப்போது டீம் பொறுப்பு இல்லாத கணக்கு வேலையை விரும்பித் தேடுகிறேன், அதற்குரிய சம்பளத்தில்.’ வேலை தேடும் இணையதளங்களில் ஆள் எடுப்பவர்கள் சம்பளத்தையும் அனுபவத்தையும் வைத்து வடிகட்டித்தான் தேடுகிறார்கள். 19 லட்சம் என்று இருக்கும் என் பெயர், ஐந்து லட்சம் வேலைக்குத் தேடும்போது வரவே வராது. அதனால் விளம்பரம் பார்த்து நானே நேராக விண்ணப்பித்தேன்.

ஐந்தாவது போன், கணபதி பக்கத்தில் ஜவுளி இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. சுமார் 90 பேர் வேலை செய்யும் இடம். அதே வார்த்தை. “மேடம், நீங்க இதுக்கு ஓவர் குவாலிஃபைடா இருக்கீங்களே?”

“ஆமாங்க. பார்க்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். நான் எவ்வளவு நாள் இருப்பேன்னு உங்களுக்குச் சந்தேகம் வர்றது நியாயம்தான். ஒரு நிமிஷம் சொல்லட்டுங்களா?” என்றேன். அந்தப் பெண் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, “சொல்லுங்க மேடம்” என்றாள்.

“நான் மேனேஜர் ஆன பிறகு கணக்கு எழுதறது நின்னுபோச்சுங்க. ஆள் பார்க்கறதும் மீட்டிங்கும்தான் வேலை. அதை ஆறு வருஷம் செஞ்சேன். போதும்னு இருக்கு. எனக்குக் கைவந்தது லெட்ஜர், ஜி.எஸ்.டி., பாங்க் கணக்கு. அதைத்தான் இனிமேல் செய்யணும்னு இருக்கேன். ரிட்டர்ன் நாள், ஆடிட் நேரம் எல்லாம் லேட்டா இருக்கச் சம்மதம். டீம் மட்டும் வேண்டாம். சம்பளம் உங்க அளவு எனக்குத் தெரியும். அந்த அளவுல ஆறு மாசம் குடும்பம் நடத்திப் பார்த்துட்டுத்தான் தேடறேன். இப்ப வேலையிலதான் இருக்கேன், யாரும் போகச் சொல்லலை. நீங்க விசாரிச்சுக்கலாம்.”

அவ்வளவுதான். வீட்டில் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தபோது ஐம்பது விநாடி வந்தது. “நேர்ல வாங்க மேடம், எங்க அக்கவுன்ட்ஸ் மேனேஜர் பேசணும்னு சொல்வாரு” என்றாள்.

அந்த மேனேஜருக்கு 34 வயது இருக்கும். கொஞ்சம் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். ரெஸ்யூமைப் புரட்டிவிட்டு, “மேடம், இங்க நீங்க என்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும். உங்க அனுபவத்துல பாதிதான் எனக்கு” என்றார்.

“வயசுல பெரியவங்கறது வீட்டோட சரிங்க சார்” என்றேன். “ஒரு என்ட்ரி எனக்குத் தப்புன்னு பட்டா உங்ககிட்ட, உங்ககிட்ட மட்டும், ஒரு தடவை சொல்லுவேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடிதான். சட்டத்துக்கு மாறா இருந்தா மட்டும் மெயில்ல எழுதிக் கேட்பேன். மேனேஜரா இருந்தப்ப என் ஆளுங்ககிட்ட நான் எதிர்பார்த்ததும் இதுதான்.” அந்த ‘மெயிலில் கேட்பேன்’ என்பதில் அவர் முகம் மாறியது. கெட்டுவிட்டது காரியம் என்று நினைத்தேன். ஆனால், “அது சரிதானுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

ஒரு பக்கம் ஏப்ரல் மாதத்துக் கொள்முதல் பதிவேடு. இன்னொரு பக்கம், சப்ளையர்கள் போட்ட பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் மாதாமாதம் 14-ம் தேதி தரும் 2பி அறிக்கை. நாம் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால், பில் அந்த அறிக்கையிலும் இருக்க வேண்டும். 38 பில்கள் பொருந்தவில்லை. “ஏன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. 21 பில்கள், எண்ணை எழுதிய விதத்தில் இருந்த வேறுபாடுதான். இவர்கள் ‘24’ என்று பதிந்ததைச் சப்ளையர் ‘024’ என்று போட்டிருக்கிறார். 9 பில்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் இரண்டு சிறிய சப்ளையர்களுடையது. அவர்கள் இடையில் பில்லைத் தனியாக ஏற்றாவிட்டால், ஏப்ரல் பில் ஜூன் மாத அறிக்கையில்தான் தெரியும். அவர்களைத் துரத்திப் பயனில்லை, காத்திருக்க வேண்டியதுதான். மீதி 8 பில்கள்தான் உண்மையிலேயே விட்டுப்போனவை. “இந்த எட்டுப் பேருக்குப் போன் போட்டா போதுங்க சார். முப்பத்தெட்டு பேரையும் கூப்பிட வேண்டாம்” என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். என்னைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும்விட, அந்த ஒரு மணி நேரம் நான் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததுதான் அவரை நம்ப வைத்தது என்று பின்னால் அவரே சொன்னார்.

எல்லா இடத்திலும் இது பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதே வாரம் ஒரு பெரிய மில்லில் முழுப் பதிலையும் கேட்டுவிட்டு, “எங்க கிரேடு முறையில இந்தப் பதவிக்கு எட்டு வருஷ அனுபவத்துக்கு மேல எடுக்க முடியாதுங்க” என்றார்கள். அங்கே நாம் என்ன பேசினாலும் விதி மாறாது. இன்னோர் இடத்தில் நேர்முகம் எடுத்தவர், என் பழைய கம்பெனியில் எப்படிச் செய்வோம் என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜருக்கான வேலையை எக்ஸிகியூட்டிவ் சம்பளத்தில் வாங்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. அந்த வேலையை நானே வேண்டாம் என்றேன். சின்ன வேலை தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் மட்டும் இறங்கி, வேலை இறங்காமல் இருந்தால் என்ன லாபம்?

அதனால் கணபதி கம்பெனியில் ஆஃபர் கொடுத்தபோது, சம்பளத்துக்குப் பேரம் பேசவில்லை. வேறு இரண்டு விஷயம் கேட்டேன். எனக்குக் கீழே ஆள் கிடையாது என்பது வேலை விவரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவது ஆடிட் மாதங்களில் மட்டும். இரண்டையும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு பைசா செலவில்லை.

“பழைய கம்பெனியிலேயே கீழ் பதவிக்குக் கேட்டிருக்கலாமே?” என்று பலர் கேட்டார்கள். கேட்டிருக்கலாம். ஆனால், கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். எனக்கு அடிப்படைச் சம்பளம் 60,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 17 வருடத்தால் பெருக்கினால் சுமார் 5,88,000 ரூபாய். அங்கேயே அடிப்படைச் சம்பளம் 30,000 ஆக இறங்கி இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தால், மொத்த வருடங்களுக்கும் அந்த 30,000-தான் கணக்கு. உழைத்த 17 வருடத்தின் மதிப்பும் பாதியாகிவிடும். வெளியே வந்ததால் முழுத் தொகையும் கைக்கு வந்தது. புது இடத்தில் கிராஜுவிட்டிக் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். அதுதான் சரியான விலை.

இழந்ததும் உண்டு. பழைய கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸில் மாமியாரும் இருந்தார். புது இடத்தில் எனக்கு மட்டும்தான். வேலையை விடுவதற்கு முன்பே அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசி, அவரைத் தனி பாலிசிக்கு மாற்ற விண்ணப்பித்தோம். கிடைத்தது, ஆனால் பிரீமியத்தைப் பார்த்ததும் மாமியாரே, “எனக்கு எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டார். என் மாதக் கணக்கில் நான் எதிர்பார்க்காமல் ஏறிய செலவு அது ஒன்றுதான். சொந்தக்காரர்கள், ‘ஏதாவது பிரச்னையா கண்ணு?’ என்று தாழ்ந்த குரலில் விசாரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் மகன் மட்டும் முதல் இரண்டு மாதம் நண்பர்களிடம் நான் இன்னும் மேனேஜர் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. அவனுக்கும் அவகாசம் வேண்டும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்தேன். பத்து மாதம் ஆன நிலையில் அந்த 34 வயது மேனேஜர் ஓசூரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “வெளியில எதுக்குத் தேடணும்? நீங்களே பார்த்துக்கங்களேன். சம்பளம் எண்பதாயிரம் போட்டுத் தர்றேன்” என்றார்.

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொய் சொல்வானேன், 80,000 என்ற எண் அன்று இரவு தூங்க விடவில்லை. மாமியாரின் பிரீமியம், மகனின் மேல்படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிறகு எழுந்து, அந்தப் பழைய நோட்டை எடுத்து, ‘போன மாதம் என்ன செய்தேன்’ என்று இன்னொரு பட்டியல் எழுதினேன். சப்ளையர் கணக்கு 64 முடித்திருக்கிறேன். இரண்டு வருடமாக யாரும் கேட்காமல் கிடந்த 1,86,000 ரூபாய் பாக்கியைத் தேடி எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒருவரும் போன் செய்யவில்லை.

மறுநாள் முதலாளியிடம், “டீம் வேண்டாம்னு சொல்லித்தான் சேர்ந்தேனுங்க. இப்பவும் அதேதான்” என்றேன். அவருக்கு வருத்தம்தான். “சரி, ஆள் வர்ற வரைக்குமாவது?” என்றார். அதற்கு ஒத்துக்கொண்டேன், இரண்டு மாதம், கடைசித் தேதியை எழுத்தில் போட்டு. புது மேனேஜர் 53-வது நாள் வந்து சேர்ந்தார். பாங்க் டோக்கன், டிஜிட்டல் கையெழுத்து பென் டிரைவ், பீரோ சாவி மூன்றுக்கும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். அன்று 14-ம் தேதி. 2பி அறிக்கை வந்திருந்தது.